வேகம் மட்டும் கணினியாகாது

'உலகின் முதல் கணினி எனியாக்' என்று பாடநூல்கள் எழுதுவது பாதி உண்மையே. பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிப்பதற்காகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அவ்வெந்திரம், 1945 இறுதியில் இயங்கியபோது நொடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்தது. ஆனால் அதன் உள்ளம் பழைய கணக்குப்பொறியினுடையது. பத்துப் பற்கள் கொண்ட சக்கரம் எண்ணியதை, பத்து நிலைகள் கொண்ட வெற்றிடக்குழாய் வளையம் எண்ணியது, அவ்வளவே. கணக்கு மாறினால் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருக வேண்டும். நொடிகளில் முடியும் வேலைக்கு நாட்கணக்கில் ஆயத்தம்!

1948 ஜூன் 21இல் மான்செஸ்டரில் இயங்கிய 'பேபி', எனியாக்கைவிட மெதுவானது. அதன் நினைவகத்தில் 32 எண்களுக்கே இடமிருந்தது. எனினும் 17 கட்டளைகளையும் எண்களாகவே அந்நினைவகத்தில் வைத்துக்கொண்டு, 2,62,144க்கு அதனினும் சிறிய காரணிகளுள் மிகப்பெரியதை 52 நிமிடம் தேடி, 1,31,072 எனக் கண்டது. வேறு கணக்குக்குக் கம்பியைத் தொட வேண்டியதில்லை; கட்டளைகளை மாற்றி எழுதினால் போதும்.

அதே ஆண்டில் எனியாக்கையும், கட்டளைகளை ஆளிகளில் எண்களாகக் குறிக்கும் முறைக்கு மாற்றினர். வேகம் பெரிதும் குறைந்தது. ஆயினும் பழைய முறைக்குத் திரும்பவில்லை. வேகத்தைக் கொண்டு முதன்மையை அளப்போருக்கு எனியாக்கே மறுப்பு.