கத்தரித்தால் கார்டு சாகாது

நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வேலையை விட்டு நின்றாலும், ஓய்வு பெற்றாலும், கையில் ஒரு ஃபாரத்தைக் கொடுத்து டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டாக அனுப்புவோம். ஸ்டோர், கேன்டீன், சொசைட்டி, டைம் ஆபீஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் 'பாக்கி இல்லை' என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். கேன்டீனில் இரண்டு டீக்கு டோக்கன் பாக்கி இருந்தால்கூட அங்கேயே சொல்லிவிடுவார்கள். ஆள் காசைக் கொடுப்பார், கையெழுத்து வாங்குவார், பிறகுதான் கணக்கு முடியும். அந்த ஃபாரத்தின் நகலையும் அவரிடமே கொடுத்துவிடுவோம்.

டேனரிக்காரர்களும் அப்படித்தான். மார்ச் 31 வந்தால் தோல் கொடுத்தவர், கெமிக்கல் கொடுத்தவர் எல்லோருக்கும் 'எங்கள் கணக்குப்படி உங்கள் பாக்கி இவ்வளவு, சரிதானா' என்று கடிதம் போகும். பதில் கடிதம் வந்தால்தான் ஆடிட்டர் கணக்கைத் தொடுவார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் கணக்கு எழுதிப் பிழைத்த எவருக்கும் இது தெரியும். வாயால் சொன்னது கணக்கு ஆகாது.

இந்தச் சின்ன நாணயம்கூட கிரெடிட் கார்டு விற்கும் வங்கிகளிடம் இல்லை என்பதுதான் என் புகார்.

எங்களோடு வேலை பார்த்த கட்டிங் மாஸ்டர் பாய் ஒருவர். முப்பது வருடம் தோலை வெட்டிய கை. சம்பள நாளில் கம்பெனி கேட்டில் குடை போட்டு உட்கார்ந்திருந்த பையன்கள் அவருக்கும் ஒரு கார்டு தலையில் கட்டினார்கள். ஐந்து நிமிட வேலை. 2024 ஜூலையில் மனைவியை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்தக் கார்டைத்தான் தேய்த்தார். ஆகஸ்டில் கையில் பணமில்லை, 'மினிமம் டியூ' மட்டும் கட்டினார். ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஸ்டேட்மென்டில் மொத்தப் பாக்கி 40,000 ரூபாய் என்று வந்தது. அந்த மாதமே ஓய்வு, கிராஜுவிட்டி கைக்கு வந்தது. செப்டம்பர் 2, திங்கட்கிழமை, 40,000-ஐயும் ஒரே தடவையாகக் கட்டிவிட்டு, போன் போட்டு கார்டை மூடச் சொன்னார். 'ரிக்வெஸ்ட் போட்டாச்சு சார்' என்றது அந்தப் பக்கம். பாய் கார்டை எடுத்து, தோல் வெட்டும் கத்தியாலேயே இரண்டு துண்டாக்கினார். 'கடன் தீர்ந்தது சார்' என்று என்னிடம் வந்து சொன்னார்.

தீரவில்லை. ஏன் என்று நிதானமாகப் பார்ப்போம்.

மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறவருக்கு வட்டி கிடையாது. ஒரே ஒரு மாதம் மினிமம் மட்டும் கட்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது. அதன்பின் வட்டி தினமும் ஓடுகிறது. ஸ்டேட்மென்ட் என்பது அது போட்ட நாள் வரைக்குமான கணக்கு மட்டும்தான். பாயின் ஸ்டேட்மென்ட் ஆகஸ்ட் 18-ல் போட்டது, அவர் பணம் கட்டியது செப்டம்பர் 2. இடையில் 15 நாள். அவர் கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. நாற்பதாயிரத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 46 ரூபாய். பதினைந்து நாளுக்கு 690. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 124. ஆக 814 ரூபாய். இது அவர் பணம் கட்டிய அன்றைக்கு எந்தக் காகிதத்திலும் இல்லை. செப்டம்பர் 18-ஆம் தேதி அடுத்த ஸ்டேட்மென்டில்தான் முளைத்தது.

பாக்கி இருந்ததால் மூடும் விண்ணப்பமும் தானாகவே செத்துப்போனது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது. கார்டில் பதிந்திருந்தது கம்பெனி கொடுத்த சிம், ஓய்வு பெற்ற அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த 814 ரூபாய்க்கு மாதாமாதம் தாமதக் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., நடுவில் வருடக் கட்டணம். 2025 ஜூனில் மகன் வீட்டுக் கடன் கேட்டபோது, சேர்ந்து கையெழுத்துப் போட அப்பாவின் சிபில் அறிக்கையை எடுத்தார்கள். ஏழாயிரத்துக்கு மேல் பாக்கி, பல மாதம் கட்டாதவர் என்று இருந்தது. கடன் நின்றது. பேசி வைத்திருந்த வீட்டை ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அன்று அவர் என்னிடம், 'ஒரு ரூபா கம்மியா கட்டியிருந்தா ஒத்துக்குவேன் சார், கேட்ட பணத்தை முழுசா கட்டினேனே' என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த 814 ரூபாய் வங்கிக்குச் சேர வேண்டியதுதான். பதினைந்து நாள் அவர்கள் பணம் இவரிடம் இருந்தது. 'எல்லாம் விதிமுறையில் அச்சடித்திருக்கிறோம்' என்று அவர்கள் சொன்னால் அதுவும் உண்மைதான். என் சண்டை வட்டியோடு இல்லை. ஒரு மனிதர் போன் செய்து 'கணக்கை முடி' என்கிறார். நாள் வட்டியைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் அவர்கள் முன்னால் இருக்கிறது. 'இன்று முடிக்க 40,814 ரூபாய்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? எங்கள் கேன்டீன் பையன் செய்த வேலை அது.

ரிசர்வ் வங்கி சும்மா இல்லை. 2022 ஏப்ரலில் விதி போட்டு ஜூலை 1 முதல் அமலாக்கியது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் கார்டுக்காரருக்கு. தபாலில்தான் எழுத வேண்டும் என்று இழுத்தடிக்கக் கூடாது. போன், மின்னஞ்சல், ஆப் எதில் கேட்டாலும் ஏற்க வேண்டும். மூடியதும் உடனே தெரிவிக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் மின்னஞ்சலோ எஸ்.எம்.எஸ்ஸோ அனுப்பினால் தெரிவித்ததாக ஆகிவிடுகிறது. 'பாக்கி பூஜ்யம்' என்று கடிதம் தானாகவே தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த 500 ரூபாயும் பாக்கி இல்லாதவருக்குத்தான். ஆகவே 814 ரூபாயை மறைவில் வைத்திருக்கும் வரை வங்கிக்கு எந்த அபராதமும் கிடையாது. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

வீட்டுக் கடனைப் பாருங்கள். கடன் தீர்ந்தால் 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று 2023-ல் அதே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. நகையை அடகு வைத்தவருக்கு நகை கைக்கு வந்தால் கடன் தீர்ந்ததற்கு அதுவே சாட்சி. கார்டில் திரும்பி வருவதற்கு ஒன்றுமே இல்லை. அதனால் அந்தக் கடிதம்தான் நமக்கு நகை, அதுதான் பத்திரம். அதைக் கேட்காமலே தர வேண்டும் என்று விதி வர வேண்டும். மூடக் கேட்ட அன்றே, இன்னும் பில்லில் ஏறாத வட்டியையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும் என்றும் வர வேண்டும்.

அது வரும்வரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பாயின் தேதிகளை வைத்தே சொல்கிறேன். கார்டில் இன்சூரன்ஸ், ரீசார்ஜ் என்று தானாகப் பிடிக்கும்படி ஏதாவது போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இ.எம்.ஐ. ஓடினால் மீதித் தவணைகள் மொத்தமாக வந்து விழும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு 'இன்று கட்டினால் கார்டை மூட மொத்தம் எவ்வளவு, பில்லில் வராத வட்டியும் சேர்த்து' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் சில நூறு ரூபாய் கூடவே கட்டுங்கள். மூடிய பின் மிஞ்சும் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. பணம் வரவு வைத்ததைப் பார்த்துவிட்டு, மூடச் சொல்லி எழுதி, விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள்.

செப்டம்பர் 2-ல் கேட்டிருந்தால் ஏழு வேலை நாள் எப்போது முடியும்? 7-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி, 8 ஞாயிறு. அவற்றைத் தள்ளினால் 11-ஆம் தேதி, புதன்கிழமை. அடுத்த ஸ்டேட்மென்ட் 18-ல்தான். ஒரு வாரம் கையில் இருக்கிறது, ஒருமுறை நினைவூட்டவும் நேரம் உண்டு. இதையே 12-ஆம் தேதி ஆரம்பித்தால் ஸ்டேட்மென்ட் முந்திக்கொள்ளும், பிறகு அந்தப் பில்லோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே ஸ்டேட்மென்ட் வந்த மறுநாளே ஆரம்பிப்பதுதான் புத்தி.

கடிதத்தில் கார்டின் கடைசி நான்கு எண், மூடிய தேதி, பாக்கி பூஜ்யம், இனி எந்தத் தொகையும் பில்லில் ஏறாது என்ற நான்கும் இருக்க வேண்டும். 'செட்டில்மென்ட்' என்ற வார்த்தை மட்டும் இருக்கவே கூடாது. பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவருக்குப் போடும் வார்த்தை அது. சிபிலில் Closed என்று வர வேண்டிய இடத்தில் Settled என்று வந்தால், முழுப் பணம் கட்டியும் கெட்ட பெயர்தான். இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம்.

பாய்க்காக நாங்கள் எழுதினோம். போன் செய்த தேதி, கட்டிய ரசீது எல்லாம் வைத்து வங்கிக்கு ஒரு புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in-ல் ஆம்புட்ஸ்மேனிடம் போவோம் என்று கடைசி வரியில் எழுதினேன். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. 814 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை எல்லாம் நீக்கினார்கள். கடிதமும் வந்தது. சிபில் அறிக்கையும் பிறகு சரியானது. வீடு மட்டும் போனது போனதுதான்.

அந்தக் கடிதத்தை பாய் லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறார், கூடவே இரண்டு துண்டான அந்தக் கார்டும். 'வெட்டினா முடிஞ்சுதுன்னு நினைச்சேன் சார், தோல்ல அப்படித்தானே' என்றார் போன வாரம்.