இருபத்தேழரை ஆண்டுப் பணிக்கு எவ்வளவு பணிக்கொடை?

தனியார் நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெறுபவரின் கைக்கு வரும் தொகைகளில் இரண்டு பெரியவை. ஒன்று வருங்கால வைப்புநிதி. மற்றொன்று அலுவலகங்களில் கிராஜுவிட்டி என்று சொல்லப்படும் பணிக்கொடை. வைப்புநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பணிக்கொடைக்கு அப்படி ஒரு கணக்கேடு ஊழியரிடம் இல்லை. கடைசி நாளில் நிறுவனம் தரும் தாளில்தான் பலர் அந்தத் தொகையை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அது சரியா என்று பார்க்க மூன்று எண்கள் போதும்: கடைசி மாத ஊதியம், பணியாற்றிய ஆண்டுகள், 15/26 என்ற பின்னம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஒருவர் 1998 ஜூன் 10 அன்று சேர்ந்தார். 2026 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றார். கடைசி மாதத்தில் அவருடைய மொத்தச் சம்பளம் 50,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 16,000, அகவிலைப்படி 4,000, வீட்டு வாடகைப்படி 20,000, பயணப்படி 10,000.

முதலில் ஆண்டுக் கணக்கு. அவர் பணியாற்றியது 27 ஆண்டுகள், 7 மாதங்கள், சில நாட்கள். முழு ஆண்டுகளுக்கு மேல் எஞ்சும் காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதையும் ஓர் ஆண்டாகச் சேர்க்க வேண்டும். தாண்டாவிட்டால் விட்டுவிடலாம். ஆகவே இவருக்கு 28 ஆண்டுகள். சரியாக 27 ஆண்டு 6 மாதத்தில் அவர் விலகியிருந்தால் கணக்கு 27 ஆண்டோடு நின்றிருக்கும்.

அடுத்தது பின்னம். ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் ஊதியம் என்கிறது சட்டம். மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் ஊதியத்தைக் காண மாதச் சம்பளத்தை 30 ஆல் வகுக்கத்தான் கை போகும். ஆனால் வகுக்க வேண்டியது 26 ஆல். மாதத்தில் நான்கு ஞாயிறு போக உழைக்கும் நாட்கள் 26, அந்த 26 நாள் உழைப்புக்குத்தான் மாதச் சம்பளம் என்பது இதன் காரணம். திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-இல் இதை ஏற்றது. 1987-இல் சட்டத்திலேயே இது எழுதப்பட்டது. எண்ணைப் பார்த்தால் சிறிய மாற்றம்தான். ஆனால் தொகை 15 சதவீதத்துக்கு மேல் கூடும்.

மூன்றாவது ஊதியம். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்தான். வீட்டு வாடகைப்படி, போனஸ், கமிஷன், கூடுதல் நேரப்படி எதுவும் சேராது. அதனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து மீதியைப் படிகளாகப் பிரித்துத் தரும் வழக்கம் பரவியது. ஊழியரின் கைக்கு வரும் தொகை மாறாது. பணிக்கொடை மட்டும் இளைக்கும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வாய்பாடு மாறவில்லை. ஊதியத்துக்கான விளக்கம் மாறியது. ஊதியத்தில் சேராதவை என்று சட்டம் ஒதுக்கும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் இதைப் போட்டுப் பார்ப்போம். நிறுவனம் செலுத்தும் வைப்புநிதிப் பங்கும் இந்தக் கணக்கில் வரும். எளிமைக்காக அதை இங்கே விட்டுவிடுகிறேன். வாடகைப்படியும் பயணப்படியும் சேர்ந்து 30,000. மொத்தத்தில் பாதி 25,000. மிகுதியான 5,000 ரூபாய் ஊதியத்தில் சேர்கிறது. எனவே ஊதியம் 20,000 அல்ல, 25,000.

```
25,000 × 15 ÷ 26 × 28 = 4,03,846
```

பழைய விளக்கப்படி 20,000 என்று வைத்திருந்தால் 3,23,077 ரூபாய்தான் வந்திருக்கும். ஊதியத்தைச் சரியாக எடுத்துக்கொண்டு 30 ஆல் வகுத்திருந்தால் 3,50,000. நிறுவனம் தரும் தாளில் இறுதித் தொகை மட்டும் இருந்தாலும், ஊதியத்தில் பிழையா வகுத்தலில் பிழையா என்பதை இப்படித் திரும்பக் கணக்கிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். 28 ஆண்டுகளுக்கும் கடைசி மாத ஊதியமே அளவுகோல் என்பதையும் கவனிக்க வேண்டும். 1998-இல் என்ன சம்பளம் வாங்கினார் என்பது இதில் வரவே வராது.

இனி, எப்போது கிடைக்கும்? பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். ஊழியர் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். ஓய்வு பெற்றாலும், தாமாக ராஜினாமா செய்தாலும் உரிமை ஒன்றுதான். இறப்பு நேர்ந்தாலோ, விபத்தாலோ நோயாலோ உடல் இயலாமல் போனாலோ ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஓர் ஆண்டு போதும். ஆறு மாதம் தாண்டினால் ஓர் ஆண்டு என்ற சலுகை தொகையைக் கணக்கிடத்தான். நாலரை ஆண்டை ஐந்தாக்க அது உதவாது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. நீண்ட காலம் பணியாற்றியவருக்கு இந்தத் தகராறு தேவைப்படாது.

அவருக்கு வரும் தகராறு வேறு. சேர்ந்த தேதி எது என்பதுதான் அது. முதல் இரண்டு ஆண்டு தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம் என்று சொல்லி நிறுவனம் நிரந்தர ஆணையின் தேதியிலிருந்து கணக்கிடலாம். ஆனால் சட்டம் கேட்பது பணி தொடர்ச்சியாக நடந்ததா என்பதைத்தான், நிரந்தர ஆணையை அல்ல. தொழில் பழகுநராக இருந்த காலம் மட்டும் இதில் சேராது. நம் கணக்காளருக்கு இரண்டு ஆண்டு குறைந்தால் ஏறத்தாழ 28,800 ரூபாய் போய்விடும்.

பணம் தர நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம். ஊழியர் விண்ணப்பிக்கலாம். அவர் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. இவருக்குக் கெடு மார்ச் 2. அதற்குப் பிறகு வட்டி ஓடும். பழைய சட்டத்தின் கீழ் அது ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. அந்த விகிதத்தில் ஆறு மாதத் தாமதத்துக்கு ஏறக்குறைய 20,200 ரூபாய். நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் முறையிடலாம்.

உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். 2018 மார்ச் 29 முதல் இதுதான் அளவு. விரும்பினால் நிறுவனம் அதிகமும் தரலாம். விலைவாசி ஏறும்போது இந்த வரம்பு தானாக உயர்வதில்லை. அது ஒரு குறைதான். ஆனால் நடுத்தரச் சம்பளக்காரர் பெரும்பாலோர் இந்த வரம்பை எட்டுவதே இல்லை. அவர்களுக்கு ஊதியத்தின் புதிய விளக்கமே பெரிய மாற்றம். அதன் பயன் கிடைக்க, கடைசி மாதச் சம்பளச் சீட்டு, முதல் பணி ஆணை, பணி விடுவிப்புக் கடிதம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இறுதித் தீர்வுத் தாளில் கையெழுத்திடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.