முதலில் கட்டத்தைப் போடு

தம்பி பேத்தி எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆய்வு முன்மொழிவை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் என்பதால் என்னிடம் காட்டச் சொல்லி அப்பா அனுப்பியிருக்கிறார்.

தலைப்பு, அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம். முதல் கேள்வி: "மாணவர்களின் கல்வியில் திட்டத்தின் தாக்கம் என்ன?" அவள் சேகரிக்கப் போவதோ, ஒரே பள்ளியில் 120 தாய்மார்களிடம் ஒரே ஒரு தடவை கேட்கும் வினாத்தாள்.

"இதை வெச்சு தாக்கத்தை எப்படிம்மா சொல்வே?" என்றேன்.

"வருகைப் பதிவேட்டையும் பார்த்துக்கறேன் தாத்தா. திட்டத்துக்கு முன்னாடி, பின்னாடி."

திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பரில். எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது 2023 ஆகஸ்டில். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2021 நவம்பரில்தான் சிறு பிள்ளைகளுக்குத் திறந்தார்கள். வருகை கூடியிருந்தால் அது உப்புமாவாலா, ஊர் பழைய நிலைக்குத் திரும்பியதாலா? பதிவேடு அதைச் சொல்லாது.

மூன்றாவது கேள்வி, "திட்டத்தை மேம்படுத்த என்ன செய்யலாம்?" அது கேள்வியே இல்லை, கடைசி அத்தியாயத்தில் எழுதும் பரிந்துரை. அடித்துவிட்டேன்.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, முடிவு அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் வெறும் கட்டமாகப் போடச் சொன்னேன். ஒவ்வொரு கட்டத்தையும் வினாத்தாளின் எந்தக் கேள்வி நிரப்பும் என்று காட்ட வேண்டும். 'தாக்கம்' என்பதற்குக் கட்டமே போட முடியவில்லை. அரை மணி நேரம் யோசித்து அவளே இப்படி மாற்றினாள்: "நேற்றைய பள்ளி நாளில் குழந்தை வீட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்ததா? காலை ஏழு மணிக்கு முன்பே வேலைக்குக் கிளம்பும் தாய்மாரின் வீடுகளில் இது வேறுபடுகிறதா?" இதற்கு நாலே கட்டம். 120 தாய்மாரும் நேற்று நடந்ததைச் சொல்லிவிடுவார்கள். 'பொதுவாக' என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும்.

இதிலும் ஒரு சிக்கல். சீக்கிரம் கிளம்புகிறவர்கள் 120-இல் பதினைந்து பேர்தான் என்றால் அந்த வரிசை மெலிந்துவிடும். இரு பக்கமும் அறுபது அறுபதாக எடுத்தால் ஒப்பிடலாம். ஆனால் பள்ளி முழுக்க எத்தனை சதவீதம் பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள் என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. எது வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யச் சொன்னேன். ஒப்பீடுதான் வேண்டும் என்றாள்.

எனக்குக் கோபம் பிள்ளைகள் மேல் இல்லை, 'தாக்கம்' இல்லாத தலைப்பைச் சின்னதாக நினைக்கும் வழிகாட்டிகள் மேல்தான். என்னிடமே ஒரு மாணவன், 200 படிவம் நிரப்பிய பிறகு, கேள்விக்கு விடை அதில் இல்லை என்று வந்து நின்றான். முன்மொழிவில் கையெழுத்துப் போட்டவன் நான்.

திங்கட்கிழமை அவள் புதுக் கேள்வியோடு வழிகாட்டியைப் பார்க்கப் போகிறாள். கட்டம் போட்ட தாளையும் கையில் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.