இரண்டெழுத்தும் பத்தடி நீரும்

சலவை இயந்திரத்தின் ஒளித்திரையை மட்டும் நெருங்கிப் படமெடுத்து, அதன் கீழே "இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஒரு வரி எழுதி அனுப்பும் வழக்கத்தின்மேல் இப்பத்திக்கு உள்ள எரிச்சல் பழைய வாசகர்களுக்குப் புதிதன்று. இவ்வாரம் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்த படமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. கறுப்புக் கண்ணாடியில் சிவப்பாக இரண்டு எழுத்து, ஓரத்தில் படமெடுத்தவரின் கட்டைவிரல் நிழல், அவ்வளவுதான். இயந்திரம் எந்த நிறுவனத்தினது, எந்த மாதிரி, துணி நனையும்போது நின்றதா அலசும்போது நின்றதா என்பவற்றில் எதுவும் இல்லை.

இக்குறை சிறியதன்று. இவ்வகைத் திரையில் ஒவ்வோர் எழுத்தும் ஏழு சிறு ஒளிக்கோடுகளால் ஆக்கப்படுவதால், 5 என்ற எண்ணையும் S என்ற எழுத்தையும், 1 என்ற எண்ணையும் I என்ற எழுத்தையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. எல்ஜி இயந்திரங்களில் IE என்பது நீர் உள்ளே வந்து சேரவில்லை என்பதைக் குறிக்க, சாம்சங் இயந்திரங்களில் ஏறத்தாழ அதே உருவில் தோன்றும் 1E என்பது நீர்மட்டத்தை அளக்கும் உணரியின் பழுதைக் குறிக்கிறது. சாம்சங்கில் நீர் வராமைக்கு 4E என்றும், புதிய மாதிரிகளில் 4C என்றும் வேறு குறி உண்டு. நீர் வராமைக்குப் பெரும்பாலும் செலவில்லை, உணரியின் பழுதுக்கு மெக்கானிக் வேண்டும். குறிகளின் அட்டவணை கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. கையேடோ இயந்திரம் வந்த அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடுகிறது. உலகத்துப் பொருள்களுக்கெல்லாம் லேபிள் அச்சிட்டுத் தரும் சிவகாசியின் பக்கத்து ஊரில், பத்து வரித் தமிழ் லேபிள் ஒன்று மேலே ஒட்டப்படாமல் இயந்திரம் விற்கப்படுவது நியாயமா என்ற கேள்வியை இப்பத்தி மீண்டும் எழுப்பும். இன்று அதற்கு இடமில்லை.

மறுகடிதத்தில் அது எல்ஜியின் முன்புறக் கதவு இயந்திரம் என்றும், காலையில் ஒழுங்காக ஓடி மாலையில் மட்டும் நிற்கிறது என்றும் தெரிந்தது. ஆகவே குறி IE. ஆனால் குழாயில் தண்ணீர் வருகிறதே என்பது வீட்டாரின் வாதம். அவர்கள் சொல்வதும் சரி, இயந்திரம் சொல்வதும் சரி. இயந்திரத்துக்குத் தண்ணீரைப் பார்க்கும் கண் இல்லை. தொட்டியின் அடியில் உள்ள சிறு அறையில் நீர் ஏறும்போது அங்கே அடைபட்ட காற்று அழுத்தப்பட்டு, மெல்லிய குழாய் வழியே மேலே உள்ள உணரியைத் தள்ள, அத்தள்ளலின் அளவைக் கொண்டே நீர்மட்டம் கணிக்கப்படுகிறது. நீர் விடத் தொடங்கி 8 நிமிடத்துக்குள் உரிய மட்டம் தெரியாவிட்டால், அல்லது 25 நிமிடத்துக்குள் முழு மட்டம் எட்டப்படாவிட்டால், அந்நிறுவனத்தின் பல மாதிரிகள் IE என்று காட்டி நிற்கின்றன. எனவே அக்குறி எது கெட்டது என்பதைச் சொல்வதில்லை; எதிர்பார்த்த மட்டம் குறித்த நேரத்தில் வரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

வராமைக்கு ஒரு காரணம், வந்த தண்ணீர் அப்போதே வெளியேறிவிடுவது. கழிவுநீர்க் குழாயைத் தரையோடு தரையாகச் சாக்கடைத் துளைக்குள் செருகிவிட்டால், ஊற்றிய நீர் தானாகவே இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். நீர் நிரம்பும் கட்டத்தில், அதாவது வடிக்கும் மோட்டாரின் இரைச்சல் கேட்காத நேரத்தில், அக்குழாயின் வாயில் விரல் வைத்துப் பார்த்தால் ஒழுக்கு தெரியும். குழாயின் வளைவைத் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல், மூன்றேகால் அடிக்கு மிகாமல் கட்டி நிறுத்தினால் தீர்ந்தது. ஏழாயிரம்பண்ணை வீட்டில் ஒழுக்கு இல்லை. அடுத்தது வடிகட்டி வலை: மின்செருகியைக் கழற்றி, குழாயை மூடி, பின்பக்கத்து நீர்க்குழாயின் மரையைக் கையால் திருகி எடுத்தால், வால்வின் வாயில் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை தெரியும். குறட்டால் மெல்ல இழுத்தெடுத்த அவ்வலையில் ஆழ்துளைக் கிணற்று நீரின் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து மாட்டியபின் நிலை சற்றுத் தேறியது. ஆயினும் மாலைத் தொல்லை முற்றும் நீங்கவில்லை.

காலை ஓடுவதும் மாலை நிற்பதும் இயந்திரத்தின் குணமல்ல, மொட்டைமாடித் தொட்டியின் குணம். உண்மையில் இப்பத்தி பேச வந்ததும் அத்தொட்டியைப் பற்றித்தான் போலும். பார் என்பது நீரழுத்தத்தை அளக்கும் அலகு. 10 அடி உயர நீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார். முன்புறக் கதவு இயந்திரங்களுக்கு வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம் மாதிரிக்கு மாதிரி மாறுபட்டு 0.3 பாரிலிருந்து 1 பார் வரை குறிக்கப்படுகிறது. அந்த வீடு ஒற்றைத் தளம்: மாடித்தளம் 10 அடி உயரத்தில், அதன்மேல் 2 அடிக் கல்கட்டில் தொட்டி, இயந்திரத்தின் நீர்வாய் தரையிலிருந்து 3 அடியில். ஆக, தொட்டியின் அடிமட்டம் நீர்வாய்க்கு 9 அடி மேலே. தொட்டியில் 4 அடி நீர் நிறைந்திருக்கும் காலையில் 13 அடி, அதாவது 0.39 பார், ஓரடி நீர் மிஞ்சும் மாலையில் 10 அடி, அதாவது 0.3 பார். இதில் வளைவுகளிலும் அரையங்குலக் குழாயிலும் உராய்வால் இழப்பது வேறு. உள்ளிருக்கும் சோலனாய்டு வால்வு, அதாவது மின்காந்தத்தால் திறக்கும் அடைப்பான், நீரின் அழுத்தத்தையே துணைகொண்டு ரப்பர்த் தகட்டைத் தூக்குவதால், அழுத்தம் குறைந்தபோது முழுதாகத் திறப்பதுமில்லை. கையில் பிடித்தால் தண்ணீர் வருவதுபோல் தோன்றும். 8 நிமிடத்துக்குள் மட்டம் ஏறாது. பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறையான ஞாயிறன்று, வாரத்துத் துணியெல்லாம் ஒருசேர விழும் நாளில், தொட்டி பாதியாகும்போதே குறி தோன்றியதில் வியப்பில்லை. வாளியால் ஊற்றி ஓட்டும் இரட்டைத்தொட்டி இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை ஏதுமில்லை. அதனிடம் புகார் சொல்லத் திரையும் இல்லை.

வீட்டார் கேட்டது புதிய வால்வு வாங்கலாமா என்பது. வேண்டியதில்லை. கல்கட்டை இன்னும் 4 அடி உயர்த்தினால் தொட்டி வற்றும் நிலையிலும் 13 அடி கிடைக்கும். ஆனால் ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை என்பதால், தூண்கள் நடுத்தளத்தில் அல்லாமல் சுவரின் தலைமேல் நிற்க வேண்டும், கொத்தனாரிடம் மட்டுமன்றிப் பொறியாளரிடமும் காட்டிக்கொள்வது நல்லது. அதற்கு இசையாத வீட்டில், தொட்டியிலிருந்து இயந்திரத்துக்கென முக்கால் அங்குலக் குழாயைத் தனியே இறக்கி, தேவையானால் சிறு பிரஷர் பம்பு ஒன்றைச் சேர்க்கலாம். அதுவரை மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பியபின் துவைப்பதே செலவில்லாத வழி.

ஒற்றைத் தளவீட்டில் முன்புறக் கதவு இயந்திரம் வாங்க எண்ணுவோர், கடைக்குப் போகுமுன் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து இயந்திரத்தின் நீர்வாய் அமையும் உயரம் வரை நாடா பிடித்து அளந்து, அந்த அடிக்கணக்கைச் சொல்லி, இம்மாதிரிக்குக் குறைந்தபட்சம் எத்தனை பார் வேண்டும் என்று விற்பனையாளரிடம் கேட்டு, கையேட்டில் அந்த வரியைக் கண்ணால் பார்த்த பின்னரே பணம் கட்டுக.