எடுக்க வராத பொருளும் திரும்பாத பணமும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

கொட்டாஞ்சேனையில் மின்சாதன வியாபாரம் நடத்தும் ஐயா அவர்களுக்கு,

தங்களிடம் வாங்கிய கிரைண்டரைத் திருப்பி எடுத்துச் செல்லத் தங்கள் கூரியர் நிறுவனத்தார் பலமுறை நாள் குறித்தும் வராதிருப்பதையும், அதனைக் காரணமாகக் காட்டிப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதையும் குறித்து நான் முறையிட்டதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலை நிதானமாக வாசித்தேன். பொருள் தங்கள் கைக்கு வந்து சேராமல் பணம் திரும்பாது, அதுவே வியாபார உலகின் பொதுவிதி என்பது அப்பதிலின் சாரம். இவ்வபிப்பிராயம் தங்களுக்கு மாத்திரம் உரியதன்று. இணையத்தில் விற்போர் அநேகர் இதனைச் சட்டவாக்கியம் போலவே சொல்லி வருவதாலும், வாங்கியோரும் அதனை நம்பி வாய்மூடி இருந்துவிடுவதாலும், தங்கள் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து விடையிறுப்பது அவசியமெனக் கருதுகிறேன்.

முதலில் விஷயம் இன்னதென்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தங்கள் விளம்பரத்தில் 230 வோல்ட் என்று குறிக்கப்பட்டிருந்த இயந்திரத்தின் அடித்தகட்டிலே 110–120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரமோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவ்வியந்திரத்தை நம் சுவரிலே செருகினால், ஏறக்குறைய இருமடங்கு மின்னழுத்தம் தாங்காமல் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். ஆகையால் அதனைச் செருகாமலே, பெட்டியைத் திறந்த அன்றே தகட்டைப் படமெடுத்து, இப்பொருளை ஏற்க மறுக்கிறேன் என்று தங்கள் செயலியில் எழுதி அனுப்பினேன். பிழையைத் தாங்களும் ஒப்புக்கொண்டு, எங்கள் கூரியர் வந்து எடுத்துச் செல்வார் என்று பதில் தந்தீர்கள்.

இனி, பொருள் வந்தாலன்றிப் பணமில்லை என்னும் வாதத்திற்கு வருகிறேன். இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. விவரித்தபடி அமையாத பொருளை நிராகரிக்க வாங்குபவருக்கு அது உரிமை அளிக்கிறது. அவ்வாறு உரிமையோடு நிராகரித்தவர், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அப்பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்றும், நிராகரித்த செய்தியை விற்றவருக்கு அறிவித்தலே போதுமானதென்றும் அதே சட்டம் சொல்கிறது. இங்கே உடன்பாடு ஏதேனும் உண்டென்றால், அது எடுத்துச் செல்லும் பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொண்ட உடன்பாடுதான். வாங்கியவர் அனுப்பவேண்டிய பொருளை அனுப்பாமல் வைத்துக்கொண்டு பணம் கேட்பதும், விற்றவர் எடுக்கவேண்டிய பொருளை எடுக்காமல் விட்டுவிட்டுப் பணத்தை மறுப்பதும் ஒன்றாகா.

இவ்வேறுபாடு பிறநாடுகளிலும் உணரப்பட்டிருக்கிறது. தொலைவிலிருந்து வாங்கியவர் மனம் மாறிப் பொருளைத் திருப்பும் உரிமையைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டு வகுத்த நுகர்வோர் உரிமைப் பணிப்புரை, பொருள் வந்து சேரும்வரை, அல்லது அனுப்பியதற்கு அத்தாட்சி காட்டப்படும்வரை, விற்பனையாளர் பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று அனுமதிக்கிறது. ஆனால் பொருளைத் தாமே வந்து எடுப்பதாகச் சொன்ன விற்பனையாளருக்கு அவ்வனுமதி கிடையாது என்றும் அங்கேயே விலக்குச் செய்திருக்கிறது. அச்சட்டம் கொழும்பில் செல்லாது என்பதை நான் அறிவேன். எனினும், தாங்கள் பொதுவிதி என்று சொல்வது தாங்கள் சொல்லுமளவுக்குப் பொதுவானதன்று என்பதற்கு அதுவே போதிய சாட்சி.

அடுத்து, கூரியர் நிறுவனம் தனியான ஸ்தாபனம், அதன் தவறுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்கிறீர்கள். அந்நிறுவனத்தைத் தெரிந்தெடுத்தவர் நானல்லேன். அதனோடு எனக்கு ஒப்பந்தமும் இல்லை. பொருள் வந்த அன்று அதே நிறுவனத்தின் ஊழியர் என் வாசலிலே பணத்தை எண்ணி வாங்கிச் சென்றார். அப்பணம் தங்களைச் சேர்ந்துவிட்டதெனத் தாங்களே ஒப்புகிறீர்கள். பணம் வாங்குகையில் தங்கள் பிரதிநிதியாக இருந்தவர், பொருளை எடுக்க வேண்டிய சமயத்தில் மாத்திரம் அந்நியராகிவிடும் அதிசயத்தை எந்த நியாயஸ்தலமும் ஏற்குமென்று நான் நினைக்கவில்லை.

“வாடிக்கையாளர் வீட்டில் இல்லை” என்ற அவர்களது பதிவைத் தாங்கள் வேதவாக்காகக் கொண்டிருப்பதுதான் எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. அப்பதிவு எவ்வாறு உண்டாகிறதென்று சற்றே ஆலோசியுங்கள். ஊழியர் தமது கைபேசியில் அன்றைய பட்டியலிலுள்ள ஒவ்வொரு வேலையையும் ஏதேனும் ஒரு காரணத்தைத் தெரிவு செய்தே முடிக்க வேண்டியிருக்கிறது. பொதிகள் நிறைந்த மோட்டார் சைக்கிளில் கிரைண்டர் பெட்டியை ஏற்ற இடமில்லை என்றாலோ, காலி வீதி நெரிசலில் பொழுது போய்விட்டது என்றாலோ குற்றம் அவர்மேல் வரும். ஆள் இல்லை என்றால் குற்றம் வீட்டுக்காரர்மேல் போய்விடும். அந்த ஊழியரை நான் வெறுக்கவில்லை. நாள் முழுதும் வெயிலில் அலையும் பிள்ளை அவர். ஆனால் அவர் தெரிவு செய்த அந்த ஒரு வரியைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்வது தங்கள் குற்றமே. சரிபார்த்தலும் கடினமன்று. உண்மையில் வந்தவர் வாசலில் நின்று அழைத்திருப்பார். அவ்வழைப்பு இரு கைபேசிகளிலும் பதிவாகியிருக்கும். எங்கள் தொடர்மாடியில் வெளியார் எவர் வந்தாலும் காவலாளி தமது புத்தகத்தில் நேரத்தோடு எழுதுகிறார். ஆள் இல்லையென்று பதிவான நாட்களில் எனக்கு அழைப்பும் வரவில்லை; காவலாளியின் புத்தகத்தில் கூரியர் பெயரும் இல்லை. அப்பக்கங்களின் படங்களை இத்துடன் அனுப்புகிறேன். பதிவு செய்யப்பட்ட கணத்தில் ஊழியரின் கைபேசி எவ்விடத்தில் இருந்தது என்னும் குறிப்பு அவர்களிடம் இருக்குமாயின், அதனையும் கேட்டுப் பெறுங்கள்.

அவசரமென்றால் கொட்டாஞ்சேனைக்கு நானே கொண்டுவரலாமே என்கிறீர்கள். நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அப்பெட்டியை ஆட்டோவில் கொண்டுவர நான் சித்தமே. போக்குவரத்துச் செலவையும் விலையையும் கையில் வைத்துப் பெட்டியை வாங்கிக்கொள்வதாகத் தாங்கள் எழுத்தில் தந்தால் நாளைக்கே வருவேன்.

திருப்பும் தவணை கடந்து, விண்ணப்பம் தானாகவே ரத்தாகிவிட்டது என்பது தங்கள் கடைசி வாதம். நிராகரிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். நானோ பெட்டி திறந்த அன்றே மறுத்திருக்கிறேன். செயலியில் எழுதியதாயிற்றே என்று அதனை ஒதுக்கவும் இடமில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அத்தகைய எழுத்துக்கும் செல்லுபடி அளிக்கிறது.

ஒன்றை மாத்திரம் தங்கள் பக்கத்து நியாயமாக ஒப்புகிறேன். பணத்தை வாங்கிக்கொண்டு பொருளையும் வைத்துக்கொள்பவர்களும், நல்ல பொருளை எடுத்துக்கொண்டு பழையதைப் பெட்டியிலிட்டுத் திருப்புபவர்களும் உண்டு. பரிசோதித்துப் பார்க்க வேண்டுமென்ற தங்கள் அச்சம் ஆதாரமற்றதன்று. அதற்குப் பரிகாரம் பணத்தைக் காலவரையின்றி வைத்திருப்பதன்று. இயந்திரத்தின் தொடரிலக்கம் தெரியும் படம் தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எடுக்க வருபவர் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்து, வாசலிலேயே பற்றுச்சீட்டில் கையொப்பமிட்டால் இருவர் சந்தேகமும் தீரும். அதுவரை இயந்திரத்தைப் பயன்படுத்தாமலும் பெட்டி நனையாமலும் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பு.

தாமதத்தை நான் பொறுக்க முடியாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் செய்யும் முறைப்பாடு, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் செய்யப்பட வேண்டும். விசாரித்துப் பணத்தைத் திருப்பித் தரும்படி கட்டளையிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. இன்று வருவார், நாளை வருவார் என்று நான் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அத்தவணையில் கழிகிறது. ஆகவே இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள், நேரத்தைக் குறித்து ஆளை அனுப்பிப் பொருளைப் பெற்று, அன்றே முழு விலையையும் என் வங்கிக் கணக்கில் இடும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் இக்கடிதத்தின் பிரதியும், காவலாளியின் புத்தகப் படங்களும், தங்கள் பதில்களும் முறைப்பாட்டோடு அச்சபைக்குப் போய்ச் சேரும்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்