ஏறும்னு கணிச்சது சரி... எதை வாங்கினீங்க?

2024 ஜூன் 3. தேர்தல் முடிவுக்கு முந்தைய நாள். நிஃப்டி 23,264-ல் முடிந்தது. 'இன்னும் ஏறும்' என நம்பும் மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒருவர் 5.8 லட்சம் ரூபாயை முழுதாகக் கொடுத்து நிஃப்டி இ.டி.எஃப் வாங்குகிறார். இரண்டாமவர், அதே மதிப்புள்ள ஒரு லாட் ஃபியூச்சர்ஸை (அப்போது லாட் 25) சிறு பகுதியை மட்டும் மார்ஜினாகக் கட்டி வாங்குகிறார். மூன்றாமவர் ஜூன் 6-ல் முடியும் 23,300 கால் ஆப்ஷனை பிரீமியம் கொடுத்து வாங்குகிறார். காஞ்சிபுரம் பட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து விலையைப் பிடித்து வைக்கிற மாதிரிதான் இது. கெடு தாண்டினால் அட்வான்ஸ் திரும்பாது.

மறுநாள் நிஃப்டி 1,379 புள்ளிகள் சரிந்தது. இ.டி.எஃப்-காரருக்கு நஷ்டம் காகிதத்தில்தான். ஃபியூச்சர்ஸ்காரரின் கணக்கிலோ ஏறத்தாழ 34,500 ரூபாய் அன்றே கழிந்துவிடும். பற்றாக்குறையைக் கட்டாவிட்டால் புரோக்கரே விற்று முடித்துவிடலாம். ஆப்ஷன்காரருக்கு எவ்வளவு சரிந்தாலும் பிரீமியத்துக்கு மேல் போகாது.

ஜூன் 6-ல் நிஃப்டி 22,821. ஆப்ஷன் பூஜ்யம். அடுத்த நாளே 23,290! இ.டி.எஃப்-காரர் போட்ட பணத்துக்கு மேலே வந்துவிட்டார். பணம் கட்டித் தாக்குப்பிடித்திருந்தால் ஃபியூச்சர்ஸ்காரரும் தப்பித்திருப்பார். ஆப்ஷன்காரருக்கு மட்டும் எதுவும் இல்லை. ஒருநாள் கூடுதல் கெடு இருந்திருந்தாலும் 23,300-க்கு மேல் முடியாததால் பூஜ்யம்தான். தினமும் கரைவது இந்தக் கெடுவுக்குக் கொடுத்த விலை. தேர்தல் பரபரப்பில் அந்த விலையும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

'எப்போது ஏறும்' என்று தேதி சொல்ல முடியாதவர்களுக்கு முதல் வழியே என் ஓட்டு. லாட் அளவு அதன்பின் கூடிவிட்டதால், இன்று அதே ஒரு லாட் ஃபியூச்சர்ஸில் அதே புள்ளிச் சரிவு வந்தால் நஷ்டமும் இன்னும் பெரிது.