ஒரு செயினுக்கு ஏன் இத்தனை கணக்கு?

கல்யாணத்துக்கு மூன்று பவுனில் ஒரு செயின் எடுக்க வேண்டும். எந்தக் கடையில் விலை குறைவு என்ற எளிய கேள்விக்கு இந்த ஊரில் நேரான பதிலே கிடைப்பதில்லை. ஒரு கடையில், "சேதாரம் பன்னிரண்டு சதவீதம்மா, செய்கூலியே கிடையாது" என்கிறார்கள். அடுத்த கடையில், "எங்ககிட்ட சேதாரம் எட்டுதான். செய்கூலி மட்டும் கிராமுக்கு ஐந்நூறு" என்கிறார்கள். எட்டு என்றதும் மனசு அங்கே சாய்ந்துவிடுகிறது. அப்படிச் சாயட்டும் என்றுதான் அப்படிச் சொல்கிறார்களோ என்று ஆத்திரமாக வருகிறது.

போதாததற்கு மும்பையிலிருந்து நாத்தனாரின் போன். "அண்ணி, இங்கே தோலா தொண்ணூற்றெட்டாயிரத்துச் சொச்சம்தான். தோலான்னா பதினொன்றரை கிராமுக்கு மேல. அங்கே எட்டு கிராமுக்கே எழுபத்திரண்டாயிரம் கேக்கறாங்களே!" அவளைக் குறை சொல்ல முடியாது. பழைய தோலா உண்மையிலேயே 11.66 கிராம்தான். ஆனால் இன்று வடக்கே பல நகைக்கடைகளில் தோலா என்றால் பேச்சுவழக்கில் 10 கிராம். அங்கே சொல்லும் ரேட்டும் பெரும்பாலும் 24 காரட்டுக்கு. நம் ஊரில் பவுன் என்றால் 8 கிராம், ரேட் 22 காரட் ஆபரணத் தங்கத்துக்கு.

கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பவுன் 72,000. நாத்தனார் சொன்னது 98,250 என்றால், அதைப் பத்தால் வகுத்து, 22 காரட்டுக்காக 0.916ஆல் பெருக்கிப் பாருங்கள். கிராம் 9,000 ரூபாய்தான் வருகிறது. இரண்டு ஊரிலும் ஒரே விலை! அதே கணக்கில் பத்துக்குப் பதிலாக 11.66ஆல் வகுத்தால் கிராமுக்கு ஏறக்குறைய 1,300 ரூபாய் மலிவு என்று தோன்றும். இல்லாத அந்த மலிவை நம்பி ரயில் டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பவுனில் மட்டும் அந்த வம்பு இல்லை. பழைய சவரன் காசு 7.988 கிராம், அதுவும் 22 காரட். அதை எட்டாக்கிக்கொண்டதால் யாருக்கும் நஷ்டமில்லை.

செயினுக்கு வருவோம். மூன்று பவுன், அதாவது 24 கிராம். முதல் கடையில் 12 சதவீதம் சேதாரம் சேர்த்தால் 26.88 கிராமுக்குக் காசு; 2,41,920 ரூபாய். இரண்டாவது கடையில் 8 சதவீதம் சேர்த்து 25.92 கிராம், 2,33,280. அதோடு செய்கூலி 12,000. மொத்தம் 2,45,280. குறைவு என்று காட்டிய கடைதான் 3,360 ரூபாய் கூடுதல். மூன்று சதவீத ஜி.எஸ்.டி. இதற்கு மேல். கிராமுக்கு 500 என்ற செய்கூலியை 9,000 ரேட்டில் சதவீதமாக்கினால் ஐந்தரைக்கு மேல் வருகிறது. எட்டோடு சேர்த்தால் பதின்மூன்றரை. இதை முதலிலேயே சொல்ல என்ன தடை?

கல் நகை என்றால் இன்னும் வயிற்றெரிச்சல். டேக்கில் மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு எண் பொடி எழுத்தில் இருக்கும். மொத்தம் 32 கிராம் என்கிற நெக்லஸில் கல் 3 கிராம் என்றால் தங்கம் 29 கிராம்தான். மொத்த எடைக்கே பில் போட்டால், அந்த 3 கிராம் கல்லுக்கு 12 சதவீதச் சேதாரத்தோடு 30,240 ரூபாய், தங்கத்தின் விலையில் நம் தலையில் விழும். பிறகு அதே நகையை மாற்றப் போனால் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். வாங்கும்போது தங்கமாக இருந்த கல், கொடுக்கும்போது கல்லாகிவிடுகிறது. இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

அதனால் நான் இப்போது சேதாரம் எத்தனை என்று கேட்பதையே விட்டுவிட்டேன். எல்லாக் கடையிலும் ஒரே நாள், ஒரே ரேட்டுக்கு எஸ்டிமேட் எழுதி வாங்குகிறேன். கல்லுக்கான விலையைத் தனியே எடுத்துவிட்டு, வரியோடு வரும் மீதித் தொகையை நிகர எடையால் வகுக்கிறேன். மேலே சொன்ன செயினுக்கு முதல் கடையில் கிராமுக்கு 10,382 ரூபாய், இரண்டாவதில் 10,527. அவ்வளவுதான், எது குறைவு என்று தெரிந்துவிட்டது. இரண்டிலும் 916 முத்திரையும் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண்ணும் இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். ஒரே வேலைப்பாடு உள்ள நகைகளைத்தான் ஒப்பிடவும் வேண்டும். மெஷின் செயினையும் கைவேலைச் செயினையும் அருகருகே வைத்தால் கணக்கு பொய்யாகும்.

ஹால்மார்க் நகைக்கான பில்லில் நிகர எடையும் தரமும் இருக்க வேண்டும் என்பது விதி. பில்லில் எழுதுவதை, பணம் கட்டுவதற்கு முந்தைய எஸ்டிமேட் சீட்டிலும் எழுதுங்கள் என்றுதான் கடைக்காரர்களைக் கேட்கிறேன். எழுதித் தர மறுக்கும் கடையில், அம்மாமார்களே, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.